அலமாரி, சாவி: மூலப் பொருளைத் தேடும் வழி

"அலமாரி என்றால் ஆயுதம் வைக்கும் இடம் என்று படித்தேன். போர்த்துகீசியர் இங்கே கொண்டுவந்தது ஆயுதப் பெட்டியையா?"

இல்லைங்க. அந்தப் பொருள் லத்தீனோடு சரி. ஆர்மா என்ற வேரிலிருந்து ஆர்மாரியம் வந்தது. ஆர்மா ஆயுதத்தை மட்டுமல்ல, கருவிகளையும் குறிக்கும், அதிலும் ரோமானியர் காலத்திலேயே ஆர்மாரியத்தில் புத்தகம், துணி, பணம் எல்லாம் வைத்தார்கள். போர்த்துகீசியர் கப்பலேறும்போது அது வெறும் சாமான் வைக்கும் நிலைப்பெட்டிதான்.

அதனால் கடன் வாங்கியபோது இருந்த பொருள் வேறு, வேரின் பொருள் வேறு என்று பிரித்துப் பாருங்கள். முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் சொல்லின் மூலமொழிக் குறிப்பைப் பாருங்கள், அப்புறம் போர்த்துகீசிய வடிவத்தோடு ஒலியை ஒப்பிடுங்கள். இன்றைய வடிவம் ஆர்மாரியோ, ஆனால் அல்மாரியோ என்ற பழைய வடிவமும் உண்டு. நம் 'ல' அங்கேயே இருந்தது, தமிழில் திரிந்ததல்ல.

சாவிக்கு மூலம் ஷாவே. பழைய உச்சரிப்பு 'ச்சாவே', அதனால்தான் நமக்குச் சகரம். லத்தீனில் அது கிளாவிஸ். சொல்லின் தொடக்கத்தில் வரும் 'கிளா' போர்த்துகீசியத்தில் 'ச்சா' ஆவது வழக்கம், அழைத்தல் என்னும் கிளாமாரே ஷமார் ஆனதைப் போல. இப்படி இன்னொரு சொல்லும் அதே வழியில் மாறியிருந்தால் தொடர்பை நம்பலாம், ஒலி ஒத்துப்போகிறது என்பது மட்டும் போதாது.