ஒரே செய்தி, மூன்று தலைப்பு: எங்கே ஒட்டுவது?

"தேர்வுக்காகப் பேப்பர்ல வெட்டி வைக்கிற துணுக்கு மாசக் கடைசியில் இருநூறு சேர்ந்துடுது. ஒரே செய்தி ரெண்டு மூணு பாடத்தலைப்புல பொருந்துது. எதுல வைக்கிறது?"

ஒரே இடத்தில் ஒட்டுங்கள். மற்றத் தலைப்பின் தாளில் "பார்க்க: ஆளுநர், தாள் 4" என்று ஒரு வரி போதும். நகலெடுத்து இரண்டிலும் வைத்தால், பிற்பாடு செய்தி மாறும்போது ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவீர்கள்.

மசோதா ஒப்புதல் விவகாரத்தையே பாருங்கள். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு ஆளுநருக்குக் காலக்கெடு விதித்தது. நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐவர் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது என்றது. ஏப்ரல் துணுக்கு மட்டும் கையில் இருந்தால் பழைய விடையைத்தான் எழுதுவீர்கள். இதன் இடம் 'ஆளுநர், பிரிவு 200'. 'மத்திய-மாநில உறவு' தாளில் குறிப்பு மட்டும். ஒட்டும்போது பக்கத்தில் மூன்று விரல் அகலம் காலியாக விடுங்கள். நவம்பர் வரி அங்கேதான் ஏறும்.

வெட்டும் முன்பே தேதியை எழுதிவிடுங்கள். தேதி பக்கத்தின் தலையில் இருப்பதால் கத்தரிக்கோலோடு போய்விடும்.

இருநூறு என்பது அதிகம்தான். கட்சித் தலைவர்களின் கண்டனம், வரவேற்பு அறிக்கைகளைத் தூக்கிப் போடுங்கள், கட்டு தானாக மெலியும்.