சிவப்பணு சிறிது, இரும்புச்சத்து சரி: நான் தலசீமியா கேரியரா?

கேள்வி: ஹீமோகுளோபின் 11.8, எம்.சி.வி. 65, சிவப்பணு எண்ணிக்கை 59 லட்சம், ஃபெரிட்டின் 58. என் அத்தை மகனுக்கு பீட்டா தலசீமியா, சின்ன வயதிலிருந்தே ரத்தம் ஏற்றுகிறார்கள். டாக்டர் எலக்ட்ரோபோரசிஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் கேரியரா? கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பதில்:

இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளைப் பார்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. உங்கள் எண்களில் என் கண் முதலில் போனது அந்த 59 லட்சத்துக்குத்தான்.

இரும்புச்சத்துக் குறைவிலும் அணு சிறுக்கும், அதாவது அணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. குறையும். ஆனால் அங்கே மூலப்பொருளே இல்லாததால், அணு 65 வரை சிறுக்கும்போது எண்ணிக்கையும் ஹீமோகுளோபினும் பெரும்பாலும் நன்றாகவே இறங்கியிருக்கும். பீட்டா தலசீமியா கேரியருக்கு இரும்பு இருக்கிறது; ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியைத் தயாரிக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்று சரியாக வேலை செய்வதில்லை. எலும்பு மஜ்ஜை அதை ஈடுகட்ட, சின்னச் சின்ன அணுக்களாக நிறையச் செய்து தள்ளுகிறது. எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 65 ÷ 5.9 = 11. இது 13-க்குக் கீழே இருந்தால் தலசீமியா பக்கம் சாயும், மேலே இருந்தால் இரும்புக் குறைவின் பக்கம். வெறும் சாய்வுதான், நிரூபணம் இல்லை.

குடும்பக் கணக்கும் அதே பக்கம்தான். மகனுக்கு அந்த நோய் என்றால் அத்தையும் மாமாவும் கேரியர்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தையின் உடன்பிறந்த உங்கள் அப்பாவுக்கு அது இருக்கக் குறைந்தது இரண்டில் ஒரு வாய்ப்பு. அவரிடமிருந்து உங்களுக்கு வந்திருக்க நான்கில் ஒன்று. இது எந்தப் பரிசோதனையும் செய்வதற்கு முந்தைய கணக்கு. உங்கள் ரத்த எண்களையும் சேர்த்தால் வாய்ப்பு இன்னும் நிறையவே கூடும்.

ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸில் பார்க்க வேண்டியது, ஏ2 என்ற வகை எத்தனை சதவீதம் என்பதை. (இப்போது பல கூடங்களில் ஹெச்.பி.எல்.சி. என்ற கருவியில்தான் செய்கிறார்கள், பேர் மட்டும் பழையது.) பீட்டா சங்கிலி குறையும்போது ஏ2-வில் இருக்கும் டெல்டா சங்கிலிக்கு இடம் கிடைக்கிறது, அதனால் ஏ2 கூடுகிறது. சாதாரணமாக 2 முதல் 3.3 வரை இருக்கும். 3.5-ஐத் தாண்டி, பெரும்பாலும் 4-க்கும் 6-க்கும் நடுவில் வந்தால், சிறிய அணுக்களோடு சேர்த்து பீட்டா கேரியர் என்று சொல்லிவிடலாம்.

சிக்கல் வருவது ஏ2 சாதாரணமாக வரும்போது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று பார்த்ததும் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கடுமையான இரும்புக் குறைவு ஏ2-வைக் கீழே இழுத்து, கேரியரை மறைத்துவிடக்கூடும். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் உங்களுக்கு 58, அந்தக் கவலை குறைவு. ஆனால் காய்ச்சலோ வேறு அழற்சியோ இருந்த நேரத்தில் எடுத்திருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறியிருக்கும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சமீபத்தில் உங்களுக்கு ரத்தம் ஏற்றியிருந்தாலும் எண்கள் கலங்கும். சுமார் மூன்று மாதம் கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆல்ஃபா தலசீமியா கேரியருக்கும் அணு இப்படித்தான் சிறுக்கும். அவர்களுக்கு எலக்ட்ரோபோரசிஸ் முழுக்க நார்மலாகவே வரும், டி.என்.ஏ. பரிசோதனையில்தான் தெரியும். தவிர, சில லேசான பீட்டா மாற்றங்களில் ஏ2 ஏறுவதே இல்லை. டெல்டா மரபணுவிலும் கோளாறு கூடவே இருந்தால், ஏறியிருக்க வேண்டிய ஏ2 இறங்கி நார்மலாகத் தெரியும்.

இந்த இடத்தில் உங்களுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அத்தை மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை வாங்குங்கள். அதில் இரண்டு மாற்றங்கள் இருக்கும், ஒன்று அத்தை வழி, மற்றது மாமா வழி. உங்களுக்கு வேண்டியது அத்தை வழி வந்தது. எது என்று அத்தையைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். ஏ2 என்ன சொன்னாலும், அந்த ஒரு மாற்றம் உங்களிடம் இருக்கிறதா என்று நேரடியாகத் தேடச் சொல்லலாம்.

கேரியர் என்று உறுதியானாலும் உங்களுக்கு அது நோய் இல்லை, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வராது. ஃபெரிட்டின் சரியாக இருக்கும்போது, அணு சிறிது என்பதற்காக மட்டும் இரும்பு மாத்திரை போட்டால் பயனில்லை.

கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். மாப்பிள்ளையோ பெண்ணோ, அவர்களுக்கும் ரத்த எண்ணிக்கையோடு ஏ2 பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. அரிவாள் அணு கேரியருக்கு எம்.சி.வி. சாதாரணமாகவே இருக்கலாம், ஆனால் உங்களுடைய பீட்டா மாற்றத்தோடு சேர்ந்தால் குழந்தைக்கு நோய் வரலாம். இருவரும் பீட்டா கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு குழந்தைக்கு நோய். அப்போதும் வழி இருக்கிறது: கர்ப்பத்தின் 11-வது வார வாக்கில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துச் சோதிக்கலாம். அந்தச் சோதனைக்கு இருவருடைய மாற்றமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதனால் மரபணுப் பரிசோதனையைக் கர்ப்பத்துக்கு முன்பே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.