நாலு துறை, ஒரு பில்: யாரும் உங்களுக்குக் கீழ் இல்லாதபோது

கேள்வி: சிறு சப்ளையர்களுக்கு 45 நாளுக்குள் பணம் போகவேண்டும் என்ற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ் யாரும் எனக்குக் கீழ் இல்லை. கூப்பிட்டால் மீட்டிங்குக்கே வருவதில்லை. என்ன செய்ய?

பதில்: மீட்டிங்கைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். நாலு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முதலில் நடப்பது பழி போடுவதுதான்.

தாமதமான 30 பில்களை எடுங்கள். சரக்கு கேட்டுக்குள் வந்தது, சரக்கு வரவுச் சீட்டான ஜிஆர்என் போட்டது, குவாலிட்டி பாஸ் செய்தது, பில் அக்கவுண்ட்ஸுக்குப் போனது, பணம் போனது என ஒவ்வொன்றுக்கும் ஐந்து தேதிகளைக் குறியுங்கள். ஒரு பில்லுக்கு 58 நாள் ஆகி, அதில் ஜிஆர்என்னுக்கு மட்டும் 19 நாள் போயிருக்கிறது என்று வையுங்கள். உடனே ஸ்டோர்ஸ் மேல் பாயாதீர்கள். ஸ்டோர்ஸ்காரர் இடத்துக்கே போய், அந்த ஒரு பில்லைக் காட்டி, "அண்ணே, இது எதனால நின்னுச்சு?" என்று கேளுங்கள். ஆர்டரில் 500, வந்தது 520. பர்ச்சேஸ் துறை ஆர்டரைத் திருத்தாமல் சிஸ்டம் என்ட்ரியை ஏற்காது என்பார். சிக்கல் பெரும்பாலும் இப்படி இரண்டு துறைக்கு நடுவில்தான் கிடக்கும்.

எண்களை அந்தந்தத் துறைத் தலைவரிடம் தனியாகக் காட்டிய பிறகே மேலே கொண்டுபோங்கள். எம்.டி. முன்னால் முதல்முறை பார்க்கிறவர் அதன்பின் உங்களுக்கு ஒத்துழைக்கவே மாட்டார்.

உங்களிடம் இல்லாத அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எம்எஸ்எம்இடி சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். குவாலிட்டி ரிப்போர்ட் தூங்கினாலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த விதிப்படி, கெடு தாண்டி மார்ச் 31-இல் நிலுவையில் நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். (குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும், நடுத்தர நிறுவனங்களுக்கு இது பொருந்தாது.) இதைக் குவாலிட்டியிடம் சொன்னால் எடுபடாது. பைனான்ஸ் தலைவரிடம் 10 லட்சம் நிலுவை, 25 சதவீத வரி, இரண்டரை லட்சம் இந்த வருடமே கட்டவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அவரே உங்கள் ஆள் ஆகிவிடுவார்.

அடுத்து, சிறிய கோரிக்கை. ஐந்து சப்ளையர், இரண்டு வாரம்: அளவு 5 சதவீதத்துக்குள் கூடினால் பர்ச்சேஸ் அன்றே ஆர்டரைத் திருத்தவேண்டும். "பார்க்கிறேன்" என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவருக்கு மேலிருப்பவரின் சம்மதம் இருக்காது. அந்த மேலதிகாரியைப் போய்ப் பாருங்கள்.

எம்.டி.யிடம் ஒரே ஒரு வரி மெயில் கேளுங்கள்: இரு துறையும் ஒத்துவராவிட்டால் யார் முடிவு சொல்வது என்று. அவரிடம் போகும்போது புகாராகப் போகாதீர்கள். சம்பந்தப்பட்ட இருவரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு வழிகளை எழுதி எடுத்துப் போங்கள்.