நகையை எடுக்கும் முன், கடன் பட்டியலை எடுங்கள்

கேள்வி: என் கணவர் செல்போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டி, எனக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருக்கிறார். ஒன்றரை லட்சம் என்கிறார், அழுகிறார். என் நகையை அடகு வைத்து அடைத்துவிடலாமா? அவரைப் பிரிய எனக்கு மனமில்லை.

பதில்: நகையை இப்போது தொடாதீர்கள். பந்தயப் பழக்கம் உள்ளவருக்குக் கடன் ஒரே நாளில் தீர்ந்தால் நெருக்கடி விலகிவிடும், விட்டதைப் பிடிக்கும் வேகம் மட்டும் அப்படியே இருக்கும். அதே கார்டிலும் ஆப்பிலும் மறுபடி கடன் எடுக்க இடம் கிடைத்துவிடும். இப்படி இரண்டாவது முறை கடனில் விழுந்த குடும்பங்கள் பல.

முதலில் சொல்லும் தொகை பெரும்பாலும் முழுத்தொகையாக இருப்பதில்லை. வெட்கத்தில் பாதியை மறைப்பார்கள். "இன்று எவ்வளவு சொன்னாலும் சண்டை போட மாட்டேன், ஆனால் எல்லாவற்றையும் இன்றே சொல்லிவிடுங்கள்" என்று கேளுங்கள். பிறகு அவரையே சிபில் அறிக்கையை எடுக்கச் சொல்லி, இருவரும் சேர்ந்து பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அது இலவசம். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, பதிவு பெற்ற நிறுவனங்களின் ஆப் கடன் அதில் தெரியும். நண்பர், வட்டிக்காரர், ஆபீஸ் அட்வான்ஸ் தெரியாது. அதற்கு ஆறு மாத வங்கிக் கணக்கைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் யுபிஐ பெயர்கள் சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு, ஆப் கடன் 1,10,000, கார்டு 90,000, நண்பர்கள் 60,000, மாமாவிடம் 40,000 என்று மொத்தம் மூன்று லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 40,000, வீட்டுச் செலவு 24,000. மீதி 16,000-இல் வட்டி அதிகமான ஆப் கடனும் கார்டும் முதலில். நண்பர்களிடமும் மாமாவிடமும் அவரே பேசித் தவணை கேட்கட்டும். வட்டியோடு இரண்டு வருடம் வரை இழுக்கும். அந்த நீளம் கசப்பாக இருந்தாலும், அவர் சம்பளத்திலிருந்தே அடைவதுதான் பழக்கம் திரும்பாமல் காக்க உதவும். நீங்கள் கையெழுத்துப் போடாத கடனுக்குப் பொதுவாக நீங்கள் பொறுப்பல்ல. புதிதாக எதிலும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்.

சம்பளக் கணக்கை நீங்கள் கவனிப்பது, அவர் போனில் யுபிஐ இல்லாமல் கைச்செலவுக்குப் பணமாகத் தருவது, கார்டை முடக்குவது எல்லாம் அவர் சம்மதித்து, ஆறு மாதத்துக்கு என்று பேசிச் செய்யுங்கள். மாதம் ஒருநாள் மட்டும் கணக்குப் பாருங்கள். தினமும் போனைத் துழாவினால் அவர் ஒளிக்கும் வழியைத்தான் தேடுவார். சம்பளத்தன்று பதற்றம், காரணம் சொல்லாத சிறு கடன், போனோடு நெடுநேரம் தனிமை இவை தெரிந்தால் பழக்கம் திரும்புகிறது.

இது சிகிச்சை உள்ள நோய். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு இருவரும் போங்கள். கடன் வெளியே தெரியவரும் நாட்களில் தற்கொலை எண்ணம் வருவதுண்டு. "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.