இருள்வினைக்கு இருட்டு தேவையா? எது எங்கே நடக்கிறது, எதில் என்ன வருகிறது?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன், ஊர் கோத்தகிரி. ஒளிச்சேர்க்கையில ஒளிவினை, இருள்வினை ரெண்டும் எங்க நடக்குது, எதுல என்ன வருதுன்னு ஒவ்வொரு டெஸ்ட்லயும் மாத்தி எழுதிடறேன். இருள்வினை ராத்திரிலதான் நடக்குமா?

பதில்:

ராத்திரியில் நடக்காது. பகலில், அதே பசுங்கணிகத்துக்குள், ஒளிவினை ஓடிக்கொண்டிருக்கும்போதே இருள்வினையும் ஓடுகிறது. அது ஒளியை நேரடியாக உறிஞ்சுவதில்லை, அவ்வளவுதான்.

இடத்தை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒளிவினை தைலக்காய்டு சவ்வில். இருள்வினை அந்தச் சவ்வைச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமாவில். தைலக்காய்டின் உட்பக்கம், ஒளி அமைப்பு II-ஐ ஒட்டி நீர் பிளக்கிறது. ஆக்சிஜன் வெளியேறிவிடும், ஹைட்ரஜன் அயனிகள் உள்ளேயே தேங்கும், எலக்ட்ரான்கள் சவ்வு வழியாக ஒளி அமைப்பு I-க்குப் போய் ஸ்ட்ரோமா பக்கம் என்ஏடிபிஎச்சில் சேரும். தேங்கிய அயனிகள் ஏடிபி சிந்தேஸ் வழியாக ஸ்ட்ரோமாவுக்குப் பாயும்போது அங்கேயே ஏடிபி உருவாகிறது. அதாவது வினை நடப்பது சவ்வில், ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் வந்து சேர்வது ஸ்ட்ரோமாவில், இருள்வினைக்குத் தேவையான இடத்திலேயே. (விடைத்தாளில் ATP, NADPH என்றே எழுதுங்கள்.)

அதிகம் பேர் மதிப்பெண் விடுவது ஆக்சிஜனில். அது கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை, நீரிலிருந்து வருகிறது. 1941-இல் ரூபனும் கேமனும் கனமான ஆக்சிஜன் (¹⁸O) கொண்ட நீரைக் குளோரெல்லா பாசிக்குக் கொடுத்தபோது, வெளிவந்த வாயுவில் அந்த ஆக்சிஜனே இருந்தது.

இருள்வினையின் கணக்கை ஒரு குளுக்கோஸுக்குப் போட்டுப் பார்த்தால் மனப்பாடம் தேவைப்படாது. 6 கார்பன் டை ஆக்சைடு 6 ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டோடு சேர்ந்து பிஜிஏ என்ற மூன்று கார்பன் மூலக்கூறு 12 வருகிறது. சேர்த்து வைப்பது ரூபிஸ்கோ நொதி, இதற்கு ஏடிபி செலவில்லை. அந்த 12 பிஜிஏவையும் மூன்று கார்பன் சர்க்கரையாக ஒடுக்க 12 ஏடிபி, 12 என்ஏடிபிஎச் வேண்டும். கிடைக்கும் 12 மூலக்கூறுகளில் 2 மட்டும் குளுக்கோஸுக்குப் போகும். மீதி 10-இல் 30 கார்பன் இருக்கிறது, அது 6 ஐந்து கார்பன் ரிபுலோஸாகத் திரும்புகிறது. அதற்கு இன்னும் 6 ஏடிபி. மொத்தம் 18 ஏடிபி, 12 என்ஏடிபிஎச். இந்த இருள்வினைச் சுழற்சி, அதாவது கால்வின் சுழற்சி, நேரடியாகத் தருவது மூன்று கார்பன் சர்க்கரைதான், குளுக்கோஸ் அதன் பிறகு.

சமன்பாட்டில் நீர் ஏன் 12 என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு என்ஏடிபிஎச்சுக்கு 2 எலக்ட்ரான், ஒரு நீர் தருவதும் 2. ஆக 12 நீர் பிளந்தால்தான் 12 என்ஏடிபிஎச், அதோடு 6 ஆக்சிஜன்.

```
6CO2 + 12H2O → C6H12O6 + 6O2 + 6H2O
```

இரண்டு ஒளி அமைப்பும் சேர்ந்து நடத்தும், மேலே பார்த்த சுழலா ஒளி பாஸ்பரிகரணம் மட்டும் தரும் ஏடிபி இந்த 18:12 விகிதத்துக்குப் போதாது. குறைவதை ஒளி அமைப்பு I மட்டும் ஈடுபடும் சுழல் ஒளி பாஸ்பரிகரணம் ஈடுகட்டுகிறது. அதில் என்ஏடிபிஎச்சும் கிடையாது, ஆக்சிஜனும் கிடையாது.

இனி, எது கூடும், எது குறையும் என்று கேட்கும் கேள்வி. உங்கள் ஊர்த் தேயிலைச் செடியையே வைத்துக்கொள்ளுங்கள், அது C3 தாவரம். நல்ல வெயிலில் இரண்டு வினையும் வேகமாக ஓடிக்கொண்டிருக்க, மலைச்சரிவிலிருந்து மூடுபனி ஏறி ஒளி சட்டென்று குறைகிறது. ஏடிபி, என்ஏடிபிஎச் வரத்து சரிகிறது. ஆனால் ரூபிஸ்கோவுக்கு ஏடிபி தேவையில்லை என்பதால் அது கொஞ்ச நேரம் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வந்த பிஜிஏவை ஒடுக்க ஆற்றல் இல்லை, தீர்ந்த ரிபுலோஸை மீட்கவும் ஆற்றல் இல்லை. எனவே பிஜிஏ கூடும், ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் குறையும். மூடுபனியிலும் பரவிய ஒளி இருக்கும், ஆகையால் நிஜத்தில் வினை மெதுவாகும், நிற்காது. பரீட்சையில் "ஒளி திடீரென நிறுத்தப்பட்டால்" என்று கேட்பார்கள், விடையின் திசை இதேதான்.

மாறாக, வெயில் நன்றாக இருந்து, காற்று வறண்டு இலைத்துளைகள் மூடிக்கொண்டால் குறைவது கார்பன் டை ஆக்சைடு. அப்போது ஏடிபி, என்ஏடிபிஎச் கையிருப்பில் இருக்கும், சேர்க்க ஆளில்லாமல் ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் தேங்கும், பிஜிஏ குறையும். இரண்டு விடையையும் தலைகீழாக மாற்றி எழுதுபவர்களே அதிகம். முதலில் தடைபட்டது ஆற்றலா, கார்பன் டை ஆக்சைடா என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.

ராத்திரி விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஒளி இருக்கும்போது ஹைட்ரஜன் அயனிகள் தைலக்காய்டுக்குள் போவதால் ஸ்ட்ரோமாவின் pH 8-ஐ ஒட்டி ஏறுகிறது, அங்கே மக்னீசியம் அயனியும் கூடுகிறது. ரூபிஸ்கோ நன்றாக வேலை செய்வது அந்த நிலையில்தான். இருட்டினால் pH 7-ஐ நோக்கி இறங்கி நொதியின் வேகம் அடங்கிவிடும். ஆகவே "இருள்வினை இருளில் நடைபெறும்" என்று சரியா, தவறா பகுதியில் வந்தால் யோசிக்காமல் தவறு என்று போடுங்கள்.