முக்கோணக் கணக்கு, ஒரே ஒரு அர்ரே: கேட்டதும் சொன்னதும்

அக்கா, லீட்கோட் 120 போட்டுட்டிருக்கேன், முக்கோணத்துல உச்சியிலேருந்து அடி வரைக்கும் இறங்குற பாதைல கூட்டுத்தொகை எவ்ளோ கம்மியா வரும்னு கேக்குற கணக்கு. பாதை உச்சியிலேருந்து தானே ஆரம்பிக்குது, அப்புறம் ஏன் எல்லாரும் கீழேருந்து போடுறாங்க? சின்னதா ஒண்ணு போட்டு காட்டுங்களேன்.

இந்த முக்கோணத்தை வெச்சுக்கோ தம்பி, பேப்பர் பேனா எடுத்துட்டு வா.

```
4
2 7
8 6 1
3 9 5 2
```

இடது பக்கம் ஒட்டி எழுதிருக்கேன், `c`-ல நின்னா அடுத்த வரிசைல `c` இல்லன்னா `c+1`, இந்த ரெண்டுக்கு மட்டும் தான் இறங்கலாம். இப்ப ஒவ்வொரு நம்பர் மேலயும் நின்னுகிட்டு ஒரே கேள்வி கேளு, "இங்கேருந்து அடி வரைக்கும் போக கம்மியா எவ்ளோ ஆகும்?" அடி வரிசைல நிக்கிறவனுக்கு யோசனையே இல்ல, அவன் நம்பர் தான் பதில், அதனால அர்ரே `3 9 5 2`-ன்னு ஆரம்பிக்குது. ஒரு வரிசை மேல வா. 8-க்கு கீழ 3, 9 இருக்கு, சின்னது 3, ஆக 11. 6-க்கு கீழ 9, 5 இருக்கு, அதுவும் 11. 1-க்கு கீழ 5, 2 இருக்கு, ஆக 3. அர்ரே இப்ப `11 11 3 2`, கடைசில இருக்க அந்த 2 பழசு, இனிமே அதை யாரும் தொட மாட்டாங்க, அப்படியே கிடக்கட்டும். அடுத்த வரிசைல 2 கூட 11 சேர்ந்து 13, 7 கூட 3 சேர்ந்து 10. உச்சியில 4 கூட 10 சேர்ந்து 14. முடிஞ்சுது.

கீழேருந்து வந்தா என்ன லாபம்னா எல்லா பதிலும் கடைசில ஒரே இடத்துக்கு, `dp[0]`-க்கு, வந்து சேர்ந்துடும். மேலேருந்து போனா அடில நாலு பதில் பரவி கிடக்கும், அதுல சின்னதை திரும்ப தேடணும், அதோட இடது வலது ஓரத்துல ஒரே ஒரு அப்பா தான் இருப்பாரு, அதுக்கு தனியா `if` போடணும். கீழேருந்து வரப்ப எல்லா நம்பருக்கும் ரெண்டு பிள்ளை உறுதியா இருக்கு, ஓரம்ங்கிற தொல்லையே இல்ல.

```python
def minimumTotal(tri):
    dp = tri[-1][:]
    for r in range(len(tri) - 2, -1, -1):
        for c in range(r + 1):
            dp[c] = tri[r][c] + min(dp[c], dp[c + 1])
    return dp[0]
```

இவ்ளோ எதுக்கு, ஒவ்வொரு படியிலயும் கீழ இருக்க ரெண்டுல சின்னதை எடுத்துட்டு இறங்கினா போதாதா? அங்க குடுத்திருக்க உதாரணத்துக்கு எனக்கு 11 கரெக்டா வந்துச்சு.

வரும், அது தான் அந்த உதாரணத்தோட வில்லங்கம். `2 / 3 4 / 6 5 7 / 4 1 8 3`, இதுல கண்ணை மூடிட்டு சின்னதை எடுத்தாலும் 2, 3, 5, 1-ன்னு போய் 11 வந்துடும், அதை பாத்துட்டு சப்மிட் பண்ணி சிவப்பு வாங்காத ஆளே கிடையாது, நானும் வாங்கிருக்கேன். மேல இருக்க என் முக்கோணத்துல போட்டு பாருங்க, 4-லேருந்து 2 சின்னதா இருக்கேன்னு இறங்குவீங்க, அப்புறம் 6, அப்புறம் 5, மொத்தம் 17. 7 பக்கம் போனா தான் அடுத்து அந்த 1 கிடைக்கும், ஆனா 4-ல நிக்கிறவனுக்கு அது தெரியாது. கீழேருந்து வரப்ப 7-ங்கிறது வெறும் 7 இல்ல, அடி வரைக்குமான 10, அந்தப் பக்கம் 2 வந்து 13.

நான் கொஞ்சம் அனுபவஸ்தன், ஒரு திருத்தம். ஒரே அர்ரேல டிபி போட்டா உள் லூப்பை வலதுலேருந்து இடதுக்கு தான் ஓட்டணும், நாப்ஸாக்ல அப்படித் தானே. உங்க முக்கோணத்தையே திருப்பி ஓட்டினேன், 14 தான் வந்துச்சு.

14 வந்தது உண்மை தான் சார், நானும் கையால போட்டு பாத்தேன். ஆனா நடுவுல `dp`-யை ஒரு தடவை பிரின்ட் பண்ணுங்க. மூணாவது வரிசையை வலதுலேருந்து போட்டா முதல்ல 1-க்கு 3 வந்து `dp[2]`-ல உக்காருது, அங்க இருந்த 5 போயிடுச்சு. அடுத்து 6-க்கு வரீங்க, அதுக்கு கீழ 9, 5 தான் பாக்கணும், ஆனா 5 இருந்த இடத்துல இப்ப 3 இருக்கே, அதனால 6+3 = 9-ன்னு எழுதிடுவீங்க, சரியான பதில் 11. அதாவது 6-லேருந்து கீழ இறங்காம பக்கத்துல இருக்க 1-க்கு தாவி போன மாதிரி ஆயிடுச்சு, ஒரே வரிசைல ரெண்டு நம்பர். நம்ம நல்ல நேரம், ஜெயிச்ச பாதை அந்த தப்பான 9 வழியா போகல, அதனால கடைசில 14 தப்பிச்சுது. அந்த 11 வர உதாரணத்தை உங்க லூப்ல ஓட்டுங்க, 12 வரும்.

ஒரு விதியா மனப்பாடம் பண்ண வேணாம், எதை எழுதுறோம் எதை படிக்கிறோம்னு பாத்தா போதும். இங்க `dp[c]` எழுத பழைய `dp[c]`, பழைய `dp[c+1]` வேணும், அப்ப `c+1` இன்னும் பழசாவே இருக்கணும், ஆக இடதுலேருந்து வலது. மேலேருந்து கீழ போற வெர்ஷன்ல `dp[c]`-க்கு பழைய `dp[c-1]` வேணும், அங்க நீங்க சொல்ற வலது-இடது தான் சரி. 0/1 நாப்ஸாக்கும் அதே கதை, அதுவும் சின்ன இன்டெக்ஸை தான் திரும்பி பாக்குது.

எனக்கு ஒரு பேய்க்கதை. அதே ஃபங்ஷனை அதே முக்கோணத்துக்கு ரெண்டு தடவை கூப்பிட்டேன், முதல்ல 11, ரெண்டாவது 16. வேலைக்கான டெஸ்ட்ல இப்படி ஆகி மானம் போச்சு. பைத்தான்ல பக் இருக்கா?

பைத்தான் மேல பழி போடாதீங்க. `dp = tri[-1]`-ன்னு எழுதிருப்பீங்க, அந்த `[:]` இல்லாம. அப்ப `dp`-ங்கிறது புது அர்ரே இல்ல, கடைசி வரிசைக்கே இன்னொரு பேரு. முதல் ஓட்டம் முடியறப்ப அடி வரிசை `4 1 8 3` போய் `11 10 10 3`-ன்னு ஆயிருக்கும், ரெண்டாவது ஓட்டம் அந்த கெட்டுப்போன அடியை வெச்சு கணக்கு போடுது, கையால போட்டா சொல்லி வெச்ச மாதிரி 16 வரும். லீட்கோட்ல இது மாட்டாம போறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, ஏன்னா ஒவ்வொரு கேஸுக்கும் ஒரே தடவை தான் கூப்பிடுவாங்க. ஒரே இன்புட்ல ரெண்டு தடவை கூப்பிட்டு ரெண்டு பதிலும் ஒண்ணான்னு `assert` போட்டுடுங்க, ஒரு வரி செலவு.

ப்ராஜெக்ட் ஆய்லர் 18-ம் 67-ம் முடிச்சிட்டேன். அதுல மேலேருந்து கீழ வந்து, ரெண்டு ஓரத்துக்கும் வெளிய 0 வெச்சு `max` போட்டேன். இதுல `max`-ஐ `min`-ஆ மாத்தினேன், பதில் 2-ன்னு வருது. 2-ங்கிறது எந்த பாதை?

எந்த பாதையும் இல்ல, என் முக்கோணத்தோட வலது அடி மூலைல இருக்க வெறும் 2 தான் அது. ஆய்லர்ல அதிகபட்சம் கேக்குறான், நம்பர் எல்லாம் பாசிட்டிவ், அதனால வெளிய வெச்ச 0 எப்பவுமே தோத்துப் போகும், இருக்கிறதே தெரியாது. `min`-ல அதே 0 ஒவ்வொரு ஓரத்துலயும் ஜெயிக்கும். ரெண்டாவது வரிசைலயே பாருங்க, 2-க்கு 4+2 = 6 வரணும், உங்களுக்கு 0+2 = 2 வந்திருக்கும், அப்படியே ஓரமாவே சறுக்கிட்டு அடி வரைக்கும் வந்துடுவீங்க. வெளிய `float('inf')` வைங்க. லீட்கோட்ல நம்பர் மைனஸ் 10000 வரைக்கும் போகும்கிறதால, நாளைக்கு அதையே `max`-க்கு திருப்பினாலும் 0 நம்பிக்கையானது இல்ல, அதுக்கு `-inf`.

ஆனா கீழேருந்து வரப்ப `dp = [0] * (n + 1)`-ன்னு வெச்சு கடைசி வரிசையையும் லூப்குள்ள விட்டா அது சரி தான், குழம்பிக்காதீங்க. அங்க 0 எல்லாம் அடிக்கும் கீழ ஒரு முழு வரிசையா நிக்குது, எல்லாருக்கும் ஒரே மாதிரி 0 சேருது, யாருக்கும் சலுகை இல்ல. இதுல காப்பி பிரச்சனையும் வராது, எனக்கு இது தான் பிடிக்கும்.

மேடம், 6-லேருந்து கீழ 3, 9, 5 மூணுக்கும் போகலாம் தானே? குறுக்கால ரெண்டு பக்கமும். எனக்கு பதில் உங்களோட ஒத்து வரல.

அது வேற கணக்குங்க, சதுர மேட்ரிக்ஸ்ல `c-1`, `c`, `c+1` மூணு பக்கமும் விழலாம்னு வரும், லீட்கோட் 931. முக்கோணத்தை நடுவுல நிமித்தி கோபுரம் மாதிரி வரைஞ்சீங்கன்னா 6-க்கு நேர் கீழ எதுவுமே இருக்காது, இடது கால் 9 மேல, வலது கால் 5 மேல. நான் இடது ஒட்டி எழுதினதால தான் 3 பக்கத்துல இருக்க மாதிரி தெரியுது.

பதில் 14 சரி, பாதையையும் கேட்டா? `dp`-ல கடைசில `14 10 3 2` நிக்குது, 4, 7, 1, 2-ங்கிற பாதையை இதுலேருந்தே எடுத்துடலாம் போல இருக்கே, அழகா கழிச்சா வந்துடுது!

வந்துடுச்சு, ஏன்னா இந்த பாதை முழுக்க வலது ஓரமாவே இறங்குது, ஓரத்துல இருக்கிறதை யாரும் அழிக்கல. 11 வர உதாரணத்துல கடைசியா நிக்கிறது `11 10 10 3`, அதுல பாதை 2, 3, 5, 1, அந்த 1 எங்க? அழிஞ்சு போச்சு. பாதை வேணும்னா ஒவ்வொரு நம்பருக்கும் இடதா வலதான்னு ஒரு பிட் குறிச்சு வைங்க, 200 வரிசைன்னா 19900 பிட், ரெண்டரை கேபி கூட வராது. அப்புறம் உச்சியிலேருந்து அந்த குறி காட்டுற பக்கம் இறங்கிட்டே வரலாம். 2-க்கு கீழ 11, 11-ன்னு சமமா வந்துச்சே, அந்த மாதிரி இடத்துல ரெண்டுமே சரி, கேள்வில எது வேணும்னு சொல்லலன்னா இடதை எடுங்க.

தனி அர்ரேயே எதுக்கு? `tri[r][c] += min(...)`-ன்னு முக்கோணத்துலயே எழுதிட்டா கூடுதல் இடமே வேணாம், பாதையும் அழியாது. நான் இன்டர்வியூல அப்படி தான் எழுதுவேன்.

கணக்கு சரி, பாதையும் கிடைக்கும். ஆனா கூப்பிட்டவனோட டேட்டாவை கேக்காம மாத்துறீங்க, மேல ஒருத்தருக்கு 11 போய் 16 ஆன மாதிரி தான். நான் கோட் ரிவ்யூல பாத்தா திருப்பி அனுப்புவேன்.

(அந்த அனுபவஸ்தர்) இதுல நான் அவர் பக்கம். 200 நம்பரை மிச்சம் பிடிக்கிறதுக்கு இல்ல, பாதைக்கு. ஃபங்ஷன் பேருலயே மாத்துவேன்னு சொல்லிட்டா என்ன தப்பு?

பேருல சொல்லிட்டா தப்பில்ல சார், ஆனா லீட்கோட்ல பேரை அவன் குடுக்குறான். இன்டர்வியூல இன்புட்டை மாத்தலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க, மாத்தலாம்னு அவங்க சொன்னா நான் வாயை மூடிக்கிறேன்.