பெயரை அல்ல, இணைப்பு எண்ணைப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு முடித்த மகளோடு அண்மையில் என்னைச் சந்திக்க வந்த ஒரு தம்பதியர், விண்ணப்பப் படிவத்தின் நகல், பதிவுக் கட்டண ரசீது, பள்ளியின் விளம்பரத் தாள் ஆகிய மூன்றையும் மேசைமேல் வைத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த பள்ளிக்கு ஒரே நகரத்தில் மூன்று வளாகங்கள். மூன்றின் பெயரிலும் முதல் இரண்டு சொற்கள் ஒன்றே. ஒன்றில் ‘பப்ளிக்’ என்றும், இன்னொன்றில் ‘இன்டர்நேஷனல்’ என்றும் கடைசியில் ஒரு சொல் மட்டும் மாறும். மூன்றாவதில் அதுவும் கிடையாது. பெரியப்பாவின் மகன் படித்துப் பெயர் வாங்கியது முதல் வளாகத்தில். இவர்களுக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்ததோ இரண்டாவது வளாகத்தின் முகவரியிலிருந்து.

“எல்லாம் ஒரே நிர்வாகம்தான், முதலில் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டாம் வகுப்பில் பெரிய வளாகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று தந்தை கேட்டார். மகள் அதுவரை பேசவில்லை. அவளிடம் கேட்டபோது, உயிரியலோடு உளவியல் படிக்க வேண்டும் என்றும், அந்தப் பள்ளியில் உளவியல் இருப்பதாக விளம்பரத் தாளில் படித்ததால்தான் சம்மதித்தேன் என்றும் சொன்னாள்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. பெரியப்பாவின் யோசனையில் இரண்டு தவறுகள் இருந்தன. முதலாவது, ‘ஒரே நிர்வாகம்’ என்பதும் ‘ஒரே பள்ளி’ என்பதும் ஒன்றல்ல. ஓர் அறக்கட்டளை பத்துப் பள்ளிகளை நடத்தலாம். ஆனால் மாணவியைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பும் உரிமை அறக்கட்டளைக்குக் கிடையாது. தேர்வு வாரியம் எந்த வளாகத்துக்கு எந்த வகுப்புவரை இணைப்பு அளித்திருக்கிறதோ, அந்த வளாகத்துக்குத்தான் அந்த வகுப்புவரை அந்த உரிமை. இரண்டாவது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது மேல்நிலை வகுப்பில் மிகவும் கடினம். இவர்கள் சேரவிருந்தது சிபிஎஸ்இ பள்ளி. அந்த வாரியம் பதினோராம் வகுப்பிலேயே மாணவரைப் பதிவு செய்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி மாறுவதற்குக் குறிப்பிட்ட சில காரணங்களுக்காக, ஆவணங்களோடு, வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். இணைப்பு எண் வேறாக இருந்தால், பக்கத்துத் தெருவில் இருக்கும் கிளையும் வாரியத்தின் கணக்கில் வேறு பள்ளிதான்; மாற்றுச் சான்றிதழ் வாங்கித்தான் அங்கே போக முடியும்.

வளாகத்தை உறுதி செய்ய நேரில் போய்ப் பார்ப்பது, அங்கே பிள்ளைகளைச் சேர்த்தவர்களிடம் விசாரிப்பது ஆகியவற்றை எல்லோரும் செய்கிறார்கள், அதனால் அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. பெரும்பாலான பெற்றோர் திறந்தே பார்க்காத ஒரு பக்கத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சிபிஎஸ்இ இணைப்புப் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் Mandatory Public Disclosure என்ற தலைப்பில் ஒரு பக்கத்தை வெளியிட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. விளம்பரத் தாளில் பள்ளி தான் சொல்ல விரும்புவதைச் சொல்லும். இந்தப் பக்கத்தில் வாரியம் கேட்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பக்கத்தின் முதல் பகுதியில் பள்ளியின் முழுப் பெயர், இணைப்பு எண், பள்ளிக் குறியீடு, அஞ்சல் குறியீட்டோடு முழு முகவரி, முதல்வரின் பெயரும் கல்வித் தகுதியும் இருக்கும். அடுத்து ஆவணங்கள்: இணைப்புக் கடிதம், கட்டடப் பாதுகாப்புச் சான்றிதழ், தீயணைப்புத் துறைச் சான்றிதழ் முதலியவற்றின் நகல்கள். அதன் பின் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளின் கடந்த மூன்று ஆண்டுத் தேர்வு முடிவுகள், ஆசிரியர்களின் எண்ணிக்கை, இறுதியாக வளாகத்தின் பரப்பளவு, வகுப்பறைகள், ஆய்வகங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் அளவும். ஒவ்வொரு வளாகத்தின் பக்கத்தையும் தனித்தனியாக அச்சிட்டு, அருகருகே வைத்துப் படித்தால், பெயர் மறைத்துவைத்த வேறுபாடு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அன்று நாங்கள் அதைத்தான் செய்தோம். முதல் வளாகத்தின் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மூன்று ஆண்டுகளுக்கும் இருந்தன. இரண்டாவது வளாகத்தின் பக்கத்தில் பத்தாம் வகுப்பு முடிவுகள் மட்டுமே இருந்தன. பன்னிரண்டாம் வகுப்பின் கட்டங்கள் மூன்றும் காலி. ஆய்வகம் என்ற இடத்தில் ‘கூட்டு அறிவியல் ஆய்வகம் 1’ என்று எழுதியிருந்தது. பத்தாம் வகுப்புவரை நடத்தும் பள்ளிக்கு ஒரு கூட்டு ஆய்வகம் போதும். மேல்நிலையில் அறிவியல் பிரிவு நடத்த வேண்டுமானால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் தனித்தனி ஆய்வகம் வேண்டும். உயிரியல் படிக்க வரும் பெண்ணைத் தனி உயிரியல் ஆய்வகம் இல்லாத வளாகத்தில் எப்படிச் சேர்க்கிறார்கள் என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது.

அடுத்து saras.cbse.gov.in தளத்தில் இருக்கும் இணைப்புப் பெற்ற பள்ளிகளின் பட்டியலைத் திறந்தோம். இங்கே பெயரை வைத்துத் தேடினால், ஒத்த பெயர்கள் வரிசையாக வந்து மறுபடியும் குழப்பும். இணைப்பு எண்ணை வைத்துத் தேட வேண்டும். விண்ணப்பப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த எண்ணை இட்டவுடன் வந்தது முதல் வளாகத்தின் முகவரி. அதாவது, வகுப்பு நடக்கப்போவது இரண்டாவது வளாகத்தில், படிவத்தில் இருக்கும் எண்ணோ முதல் வளாகத்தினுடையது. இரண்டாவது வளாகத்தின் சொந்த எண்ணை இட்டபோது, அதன் இணைப்பு பத்தாம் வகுப்பு நிலையில் இருந்தது. ஒரு வளாகத்தில் படிக்கும் மாணவர்களை இன்னொரு பள்ளியின் பெயரில் தேர்வுக்கு அனுப்புவதை வாரியத்தின் விதிகள் தடுக்கின்றன. அப்படி நடப்பது தெரியவந்தால் தண்டனை பள்ளிக்கு என்றாலும், அலைச்சலும் ஆண்டு இழப்பும் மாணவிக்குத்தான்.

இன்னோர் எண்ணையும் பெற்றோர் அறிந்துவைத்திருப்பது நல்லது. இந்தியாவில் ஒவ்வொரு பள்ளிக்கும் UDISE என்ற 11 இலக்க எண் உண்டு. அது வெறும் வரிசை எண் அல்ல, முகவரியையே உள்ளே வைத்திருக்கும் எண். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு வட்டாரம், அதற்கடுத்த மூன்றும் ஊர் அல்லது வார்டு, கடைசி இரண்டும் அந்த இடத்துக்குள் பள்ளியின் எண். UDISE+ தளத்தின் Know Your School பகுதியில் தேடினால் இந்த எண் கிடைக்கும். இவர்களுக்குக் கிடைத்த மூன்று எண்களில் முதல் நான்கு இலக்கங்கள் ஒன்றாகவே இருந்தன. ஐந்தாவது, ஆறாவது இலக்கங்கள் முதல் வளாகத்துக்கும் இரண்டாவதுக்கும் வேறுபட்டன. ஒரே பள்ளியின் இரண்டு கட்டடங்கள் என்று அலுவலகத்தில் சொன்னது சரியல்ல என்பதை அந்த இரண்டு இலக்கங்களே காட்டிவிட்டன. வேறு நாடுகளிலும் இத்தகைய எண் உண்டு; இங்கிலாந்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் URN என்ற ஆறு இலக்க எண் இருக்கிறது. எங்கே வாழ்ந்தாலும் பள்ளிப் பெயரைச் சொல்லி விசாரிப்பதற்கு முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டண ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பள்ளியின் பெயரே இல்லை. அறக்கட்டளையின் பெயர் மட்டும்தான் இருந்தது. எந்த வளாகத்தில் இடம் வாங்கினோம் என்பதற்கு அந்தத் தாள் சான்றாகாது. பெரியப்பா அவசரப்படுத்தினார் என்பதற்காக ஆண்டுக் கட்டணத்தையும் அன்றே கட்ட நினைத்திருந்தார்கள். அதை நான் அனுமதிக்கவில்லை. வளாகத்தின் முழுப் பெயரும் இணைப்பு எண்ணும் அச்சிட்ட ரசீது தருவதாக எழுத்தில் சொல்லும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்று சொன்னேன், அதையே உங்களுக்கும் சொல்கிறேன். கட்டிய பிறகு கேட்கும் கேள்விக்கும் கட்டுவதற்கு முன் கேட்கும் கேள்விக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை.

பள்ளிக்கு மூன்று வரியில் மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். என் மகள் எந்த முகவரியில் உள்ள கட்டடத்தில் நாள்தோறும் படிப்பாள்; பதினோராம் வகுப்பில் அவள் பெயர் எந்த இணைப்பு எண்ணின்கீழ் பதிவாகும்; உயிரியல் 044, உளவியல் 037 ஆகிய இரண்டு பாடங்களும் அந்த வளாகத்திலேயே நடத்தப்படுமா. வாரியத்தின் பாடக் குறியீடுகளைக் குறிப்பிட்டுக் கேட்டால், ‘எல்லாப் பாடங்களும் உண்டு’ என்ற பொதுப்பதிலுக்கு இடமிருக்காது. நான்கு நாள் கழித்து வந்த பதிலில், முதல் வளாகத்தின் எண்ணில் பதிவு செய்வோம் என்றும், உளவியலுக்கு ‘போதிய மாணவர்கள் சேர்ந்தால்’ ஏற்பாடு செய்வோம் என்றும் இருந்தது.

அந்தப் பதிலோடு தந்தை மறுபடி வந்தபோதும், “உளவியலை விட்டுவிட்டால் முதல் வளாகத்தில் கணிதப் பிரிவில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள், பெயர் வாங்கிய வளாகமாயிற்றே” என்று தயங்கினார். நான் உறுதியாக மறுத்தேன். பெரியப்பா மகனின் மதிப்பெண்ணுக்காக இந்தப் பெண் தன் பாடத்தை விடக் கூடாது. அந்த வளாகத்தின் பெருமையை நம்பிச் சேர்ந்து, விரும்பாத பாடத்தை அவள் இரண்டு ஆண்டு சுமக்க நேர்ந்தால், அந்தப் பெருமை தேர்வறையில் துணைக்கு வராது.

யாரும் பேசாமல் விட்டது மூன்றாவது வளாகத்தை. பெயரில் கூடுதல் சொல் இல்லாததாலும் கட்டடம் பழையது என்பதாலும் உறவினர்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதன் வெளிப்படுத்தல் பக்கத்தில், இணைப்பு பன்னிரண்டாம் வகுப்புவரை இருந்தது. மூன்று தனி ஆய்வகங்கள் இருந்தன. மூன்று ஆண்டு முடிவுகளும் நிரப்பப்பட்டிருந்தன. பரப்பளவு மட்டும் முதல் வளாகத்தைவிடக் குறைவு. உளவியல் உண்மையாகவே நடக்கிறதா என்பதை அறிய, அங்கே படித்து முடித்த ஒரு மாணவியின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் காட்டும்படி தெரிந்த குடும்பம் ஒன்றிடம் தாயார் கேட்டார். விளம்பரத் தாளில் எந்தப் பாடத்தையும் அச்சிடலாம். மதிப்பெண் சான்றிதழில் படித்த பாடம் மட்டுமே அச்சாகும். அதில் 037 என்ற எண்ணும், மூன்றாவது வளாகத்தின் பெயரும் பள்ளிக் குறியீடும் இருந்தன.

மகள் அங்கே சேர்ந்திருக்கிறாள். இன்னும் ஒரு வேலை மீதமிருக்கிறது. பதினோராம் வகுப்பு மாணவர் பட்டியலைப் பள்ளி வாரியத்துக்கு அனுப்புவதற்கு முன், அவளுடைய பதிவின் அச்சு நகலைக் கேட்டு வாங்கி, பள்ளிக் குறியீடு, ஐந்து பாடங்களின் எண்கள், தன் பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த நாளைப் பள்ளியில் கேட்டு, நாள்காட்டியில் குறித்துவைக்கும்படி தாயாரிடம் சொல்லியிருக்கிறேன்.